புது கேசிங்கில் டிவிடி டிரைவும் கார்ட் ரீடரும் போட வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கணினி கட்டிக் கொடுப்பது என் வேலை. பாகங்களைத் தேர்ந்தெடுத்து முடித்து, கடைசியாக கேசிங் பார்க்கும் நேரத்தில்தான் இந்தக் கேள்விகள் வரிசையாக வரும். பதில் வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் எதைப் பார்த்து முடிவு செய்வது என்பது மாறாது.

"அண்ணே, புது பிசி கட்டப் போறேன். டிவிடி டிரைவ் போடணுமா வேணாமா, நேரா சொல்லுங்க."

கேசிங்குக்குள் வேண்டாம், வீட்டில் ஒன்று இருக்கட்டும். கேசிங்குக்குள் பூட்டிய டிரைவ் வருஷம் முழுக்க சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். ஆனால் அலமாரியில் கல்யாண விசிடி, பிள்ளையின் பள்ளி ஆண்டு விழா டிவிடி, அப்பாவின் அறுபதாம் கல்யாண டிஸ்க் என்று ஏதாவது கிடந்தால், அவற்றை எடுத்துவைக்க ஒரு டிரைவ் கட்டாயம் தேவை, அதுவும் சீக்கிரம் தேவை. முதலில் அலமாரியைத் திறந்து எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் டிரைவைப் பற்றி மறந்துவிட்டு நேராகக் கார்ட் ரீடர் கேள்விக்குப் போகலாம்.

"இப்ப வர்ற கேசிங்ல அதுக்கு இடமே காணோம். தேடிப் பிடிச்சு இடம் உள்ளதா வாங்கினா என்ன நஷ்டம்?"

காற்று. டிவிடி டிரைவுக்கான அந்த ஐந்தேகால் அங்குல அறை கேசிங்கின் முகப்பில் மேல்பக்கம் இருக்கும். அதே முகப்பில்தான் இப்போது மூன்று விசிறியும், தண்ணீர் கூலர் வைப்பவர்களுக்கு ரேடியேட்டரும் உட்கார்கின்றன. இரண்டுக்கும் ஒரே இடத்தில் சண்டை, அதனால்தான் கேசிங் செய்பவர்கள் டிரைவ் அறையை எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் ஏர்கான் இல்லாத அறையில் மத்தியானம் கணினி ஓடும்போது உள்ளே போகும் காற்றே 32, 33 டிகிரியில் இருக்கிறது. கேம் விளையாடும் கணினிக்கு முகப்பில் ஒரு விசிறி குறைந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் விசிறி கத்துவதிலேயே அது தெரிந்துவிடும்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ஃபிராக்டல் டிசைனின் பாப் ஏர் கேசிங்கில் முகப்பின் அடிப்பக்கம், காந்தத் தகட்டுக்குப் பின்னால் மறைவாக இரண்டு அறை இருக்கிறது, விசிறிகள் மேலே தனியாக இருக்கின்றன. ஆனால் நம் டவுன் கடையில் கண்ணாடிப் பக்கம் வைத்து வண்ண விளக்கோடு வரும் மலிவான கேசிங் எதிலும் இதை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு டிரைவுக்காகக் கேசிங்கையே மாற்றுவது, நான் பார்த்தவரை, பத்தில் ஒருவருக்குக்கூட நியாயமான செலவு இல்லை.

"பழைய பிசியில இருந்த டிவிடி டிரைவ் நல்லாத்தான் ஓடுது. அதைத் தூக்கிப் போட மனசு வரல."

தூக்கிப் போடாதீர்கள், இதுதான் உங்களிடம் இருப்பதிலேயே நல்ல டிரைவாக இருக்கலாம். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல் நகம் அகலத்தில் எல் வடிவ நாக்கோடு ஒரு சின்ன சொருகி, பக்கத்திலேயே அதே மாதிரி கொஞ்சம் நீளமான இன்னொன்று இருந்தால் அது சாட்டா டிரைவ், பயன்படும். இரண்டு வரிசையில் நாற்பது ஊசி தெரிந்தால் பழைய ஐடிஇ வகை. இப்போதைய மதர்போர்டுகளில் அதற்கான இடம் கிடையாது, அதற்காகச் செலவு செய்யவும் வேண்டாம்.

சாட்டா டிரைவைக் கேசிங்குக்குள் போடாமலே ஓட்டலாம். சாட்டாவிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்கி, டிரைவை மேசைமேல் சமமாக வைத்து, வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடலாம். இங்கே ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். ஆன்லைனில் வரும் மலிவான அடாப்டர்களில் பாதி, லேப்டாப் ஹார்ட் டிஸ்குக்காகச் செய்தவை. அவை யூஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட்டை மட்டும்தான் கொடுக்கும். பெரிய டிவிடி டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அது இல்லாவிட்டால் டிரைவ் டிஸ்கைச் சுழற்றவே சுழற்றாது, சில நேரம் தட்டுகூட வெளியே வராது, நீங்களோ டிரைவ் செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். சுவரில் சொருகும் தனி பவர் அடாப்டர், 12 வோல்ட் 2 ஆம்ப், கூடவே வருகிறதா என்று படத்திலேயே பார்த்து வாங்குங்கள்.

"அந்த மெலிசான யூஎஸ்பி டிரைவ் வாங்கினேன். டிஸ்க் போட்டா சுத்த ஆரம்பிக்குது, அப்புறம் டக் டக்னு நின்னுடுது. கடைக்காரர் டிரைவ்ல கோளாறு இல்லைங்கிறார்."

கடைக்காரர் சொல்வது சரியாகவே இருக்கலாம். டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில்தான் டிரைவ் அதிக கரன்ட் இழுக்கும். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்ப்தான் தர வேண்டும் என்பது கணக்கு, நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு 900. கேசிங் முகப்பில் இருக்கும் போர்ட் ஒரு நீண்ட மெல்லிய கம்பி வழியாக மதர்போர்டுக்குப் போவதால் வழியிலேயே கொஞ்சம் வோல்ட் இறங்கிவிடும். ஹப் ஒன்றில் மவுஸ், கீபோர்டோடு சேர்த்துச் சொருகியிருந்தால் இன்னும் மோசம்.

கேசிங்கின் பின்பக்கம், மதர்போர்டிலேயே பதித்த நீல போர்ட்டில் நேராகச் சொருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் பிரச்சினை கரன்டில்தான் இருந்தது. அங்கேயும் அதே சத்தம், அதுவும் எந்த டிஸ்க் போட்டாலும் அப்படித்தான் என்றால் மட்டும் டிரைவைத் திருப்பிக் கொடுங்கள்.

"தம்பி, என் கல்யாணம் விசிடியில இருக்கு, என் தம்பி கல்யாணம் டிவிடியில. எப்படிப் பத்திரமா எடுத்து வைக்கிறது?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். லிந்தாங் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் புதுக் கணினி கேட்டு வந்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறைய டிஸ்க் கொண்டுவந்தார், கிட்டத்தட்ட நாற்பது. சாதாரண டிவிடி ஒன்றில் அதிகபட்சம் 4.7 ஜிபி, விசிடி ஒன்றில் 700 எம்பியை ஒட்டி. அத்தனையும் சாதாரண டிவிடி என்று வைத்துக்கொண்டாலும் 190 ஜிபிக்குள் அடங்கிவிடும். பொறுமையாகப் படித்தால் ஒரு டிஸ்குக்குக் கால் மணி நேரம், ஆக மொத்தம் பத்து மணி நேர வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். இதற்காகப் புதுக் கேசிங்கில் நிரந்தரமாக ஓர் அறை தேவையா என்று அவரே கேட்டுக்கொண்டார், பழைய கணினியின் டிரைவையும் ஓர் அடாப்டரையும் வைத்து முடித்தோம்.

வேலையைத் தொடங்கும் முன் டிஸ்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் சிடியிலும் விசிடியிலும் பதிவு இருப்பது பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு ஒட்டினாற்போல, மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே. அந்தப் பக்கம் உரிந்து ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் இருந்தது போய்விட்டது. டிவிடியில் பதிவு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் மேல்பக்கம் கொஞ்சம் கீறினாலும் தாங்கும். ஆகவே முதலில் எடுக்க வேண்டியது விசிடிகளை. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த டிஸ்கைக் குளிர்ந்த தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் விட்டுக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டக் கீறல் பதிவு போகும் வழியிலேயே நீளமாக ஓடும், டிரைவால் அதைச் சரிசெய்ய முடியாது.

டிவிடி சுலபம். உள்ளே `VIDEO_TS` என்ற ஃபோல்டர் இருக்கும், அதை அப்படியே ஹார்ட் டிஸ்குக்கு இழுத்துப் போட்டால் போதும், விஎல்சியில் ஓடும். நடுவில் எர்ரர் வந்து நின்றால் முழு டிஸ்கையும் ஐஎஸ்ஓ ஃபைலாக எடுங்கள். வின்டோஸில் ImgBurn போதும், படிக்கும் வேகத்தை 4x என்று குறைத்துவையுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி ddrescue:

```
ddrescue -n -b 2048 /dev/sr0 dvd.iso dvd.map
ddrescue -d -r3 -b 2048 /dev/sr0 dvd.iso dvd.map
```

முதல் வரி நல்ல இடங்களை எல்லாம் வேகமாக அள்ளிக்கொண்டு வரும், கெட்ட இடத்தில் நின்று மல்லுக்கட்டாது. இரண்டாவது வரி விடுபட்ட இடத்துக்கு மட்டும் திரும்பிப் போய் மூன்று முறை முயலும். `dvd.map` ஃபைலில் எது வந்தது, எது வரவில்லை என்று பதிவாகிவிடுவதால், அதே டிஸ்கை வேறொரு டிரைவில் போட்டு இரண்டாவது வரியை மறுபடி ஓட்டலாம். ஒரு டிரைவுக்குப் படிக்காத இடம் இன்னொன்றுக்குப் படிப்பது ரொம்ப சாதாரணம்.

விசிடியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதை ஐஎஸ்ஓவாக எடுத்தால் ஃபைல் வரும், எர்ரரும் இருக்காது, ஆனால் படம் அதில் இருக்காது. காரணம் இதுதான்: விசிடியின் முதல் டிராக்கில் மெனுவும் சின்னச் சின்ன ஃபைல்களும் மட்டுமே இருக்கும், வீடியோ இரண்டாவது டிராக்கிலிருந்துதான் தொடங்கும். அந்த டிராக்கின் துண்டுகளும் சாதாரண டேட்டா மாதிரி 2048 பைட் இல்லை, பிழை திருத்தும் பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் படத்தை நிரப்பியிருப்பார்கள். அதனால் மேலே சொன்ன ddrescue வரிகளும் விசிடிக்கு ஒத்துவராது. நல்ல நிலையில் உள்ள விசிடி என்றால் `MPEGAV` ஃபோல்டருக்குள் இருக்கும் `AVSEQ01.DAT` ஃபைலை இழுத்துப் போடுங்கள், விஎல்சி அதையும் ஓட்டும். இழுக்கும்போது நின்றுவிட்டால் ImgBurn-இல் டிஸ்கை இமேஜாக எடுங்கள், அது விசிடி என்று கண்டுகொண்டு `.bin`, `.cue` என்று இரண்டு ஃபைலாகத் தரும். இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.

எடுத்த ஒவ்வொன்றையும் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் தட்டி ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த டிஸ்க். கெட்டுப்போவது பெரும்பாலும் விளிம்புப் பக்கம், அதாவது படத்தின் கடைசிப் பகுதி. முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிட்டால், தாலி கட்டும் காட்சி வந்திருக்காது.

"எங்க வீட்டு டிவிடி பிளேயர்ல நல்லா ஓடுது, பிசியில காலி டிஸ்க்னு காட்டுது. ஏன்?"

டிவியோடு இணைக்கும் ரெக்கார்டரிலோ, டிஸ்கில் நேராகப் பதியும் கேமராவிலோ எடுத்த டிஸ்காக இருக்கும். கடைசியில் "ஃபைனலைஸ்" என்ற ஒரு வேலை செய்திருக்க வேண்டும், அது செய்யாமல் விட்டால் பதிந்த கருவிக்கும் சில பிளேயர்களுக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. அந்த ரெக்கார்டர் இன்னும் உயிரோடு இருந்தால் அதிலேயே போட்டு மெனுவில் ஃபைனலைஸ் செய்யுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன மாதிரி முழு இமேஜ் எடுத்துப் பார்க்கலாம், சில டிரைவுகள் அனுமதிக்கும். டிஸ்க் காலி என்று கணினி சொல்வதை நம்பி அதன்மேல் எதையும் எழுதிவிடாதீர்கள்.

"வின்டோஸ் போட டிவிடி வேணாமா?"

வேண்டாம். வின்டோஸ் 11 இன்ஸ்டால் ஃபைல் சாதாரண 4.7 ஜிபி டிவிடியில் அடங்கவே அடங்காது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மதர்போர்டு பெட்டிக்குள் வரும் டிரைவர் டிஸ்கையும் தேட வேண்டாம், அதில் இருப்பது பழையது, புதியது அந்த மதர்போர்டின் இணையப் பக்கத்திலேயே கிடைக்கும்.

"ப்ளூ-ரே டிரைவ் போட்டா 4கே படம் பார்க்கலாம்தானே?"

அதை நம்பி வாங்காதீர்கள். 4கே ப்ளூ-ரே டிஸ்கை முறைப்படி கணினியில் ஓட்ட, பிராசசரில் இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் தன் பதினோராம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களிலிருந்து அதை எடுத்துவிட்டது, ஏஎம்டியில் எப்போதுமே இருந்ததில்லை. ஆக நீங்கள் இன்று புதிதாகக் கட்டும் எந்தக் கணினியிலும் அது இல்லை. டிஸ்க் சேகரிப்பவர் என்றால் டிவிக்கு ஒரு தனி பிளேயர் வாங்குங்கள். பதிந்து வைக்கவா என்றால், சோனி 2025 பிப்ரவரியில் பதியும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பையே நிறுத்திவிட்டது, வெற்று டிஸ்க் தேடி அலையும் வேலை இனி கூடத்தான் செய்யும்.

"கார்ட் ரீடராவது கேசிங் முன்னாடி போடலாமா? நான் கேமரா வச்சிருக்கேன்."

போடலாம், எந்தக் கம்பியில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. கேசிங்குக்குள் போடும் மலிவான ரீடர்களின் பின்னால் ஒன்பது துளையுள்ள சின்ன சொருகி இருக்கும், அது யூஎஸ்பி 2.0. அதில் நொடிக்கு 35 எம்பி வந்தாலே பெரிது. நல்ல எஸ்டி கார்டோ 90 எம்பி தரக்கூடியது. நிறைந்த 64 ஜிபி கார்டு ஒன்றை ஒன்பது ஊசி ரீடரில் இறக்க அரை மணி நேரம், நல்ல ரீடரில் 12 நிமிடம். சனிக்கிழமை இரவு கோயில் மண்டபத்தில் கல்யாணம் எடுத்துவிட்டு மூன்று கார்டோடு வீட்டுக்கு வருபவருக்கு அந்த வித்தியாசம் தூக்கத்தில் ஒரு மணி நேரம்.

வேகமான உள் ரீடருக்கு மதர்போர்டில் 19 ஊசி யூஎஸ்பி 3.0 இடம் ஒன்று காலியாக வேண்டும். விலை குறைந்த மதர்போர்டுகளில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதைக் கேசிங்கின் முன் நீல போர்ட்டுகள் எடுத்துக்கொள்ளும். ரீடருக்காக அதைக் கழற்றினால் முன் போர்ட் இரண்டும் செத்துவிடும். ஆகவே மதர்போர்டு வாங்கும் முன் அதன் படத்தில் அந்த 19 ஊசிப் பெட்டி எத்தனை என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால் யூஎஸ்பி 3.0 வெளி ரீடர் வாங்கி முன் நீல போர்ட்டில் சொருகிக்கொள்ளுங்கள், அதே வேகம்தான், கெட்டுப்போனால் எறிந்துவிட்டு வேறு வாங்கலாம், கேசிங்கைத் திறக்க வேண்டியதில்லை. இரண்டு இருந்து, தினமும் கார்டு இறக்குபவராகவும் இருந்தால் உள்ளே போடுங்கள். சொருகும்போது அந்த ஊசிகள் எளிதில் மடங்கும், சாய்க்காமல் நேராக அழுத்துங்கள்.

போனிலிருந்து எப்போதாவது மைக்ரோ எஸ்டி எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவுமே தேவையில்லை.

"பழைய ரீடரைப் புது கேசிங்ல மாட்டினேன். 32 ஜிபி கார்டு தெரியுது, 64 ஜிபி கார்டைப் போட்டா ஃபார்மட் பண்ணச் சொல்லுது."

ஃபார்மட் செய்யாதீர்கள், போட்டோ எல்லாம் போய்விடும். எஸ்டிஹெச்சி என்ற வகை 32 ஜிபியோடு முடிகிறது, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. பழைய ரீடருக்கு இரண்டாவது வகை தெரியாது, அதனால் கார்டு கெட்டது போலக் காட்டும். கார்டை வேறொரு புது ரீடரிலோ கேமராவிலோ போட்டுப் பாருங்கள், தெரிந்தால் ரீடர்தான் காலாவதி.

"நான் வீடியோ எடுத்துக் கொடுக்கிறவன். பெரியவங்க இன்னும் டிஸ்க்ல கேட்கிறாங்க. எனக்கும் வெளி டிரைவ்தானா?"

உங்களுக்கு உள்ளேதான். வாரம் பத்து இருபது டிஸ்க் பதிபவருக்கும், ஊர்க்காரர்களின் பழைய டிஸ்கை எடுத்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்பவருக்கும் மெலிசான யூஎஸ்பி டிரைவ் தாங்காது. பெரிய டிரைவ் கனமானது, டிஸ்க் அதிராமல் சுழலும், தட்டும் உறுதியாக இருக்கும். கேசிங்கை அறையோடு தேடி வாங்குங்கள், உங்கள் விஷயத்தில் அந்தச் செலவு நியாயம்.

மாட்டும் முன் மதர்போர்டு கையேட்டில் ஒரு பக்கம் மட்டும் படியுங்கள். பல மதர்போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும். டிவிடி டிரைவை அந்தப் போர்ட்டில் மாட்டியிருந்தால் தட்டு திறக்கும், மூடும், விளக்கும் எரியும், ஆனால் வின்டோஸில் டிரைவ் இருக்கவே இருக்காது, ஏனென்றால் பவர் வேறு கம்பியில் வருகிறது. அந்த நிலையில் டிரைவை மாற்றப் போகாமல் டேட்டா கம்பியை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றிச் சொருகிவிட்டு கணினியைத் திரும்ப ஓட்டுங்கள்.